வரைபடப்படி 578 சதுர அடி, ஆனால் கல் பாதித் தரைக்கே தீர்ந்துவிட்டது. கணக்கு எங்கே தவறியது?

வளவு வீடு:
வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டின் கல்யாணக் கொட்டகைக்கு ஆத்தங்குடி கல் பதிக்கும் வேலை நடக்கிறது. நான் சென்னையில் இருப்பதால் அளவுகளைப் பாகப்பிரிவினையின்போது வரைந்த வரைபடத்திலிருந்து எடுத்தேன். அதன் மூலையில் ‘1 அங்குலம் = 8 அடி’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கொட்டகைக்குள் எழுதியிருந்த அளவு மட்டும் மடிப்பில் அழிந்துவிட்டதால் ஸ்கேல் வைத்து அளந்தேன். நீளம் 4¼ அங்குலம், அகலம் 2⅛ அங்குலம். அதாவது 34 அடிக்கு 17 அடி, 578 சதுர அடி.

8 அங்குலக் கல் சதுர அடிக்கு இரண்டேகால் வீதம் 1,300 ஆகிறது. உடைசலுக்குச் சேர்த்து 1,365 பூக்கல் வாங்கினேன். சுவரோரம் நிற்கும் ஸ்கர்ட்டிங்குக்குச் சுற்றளவு 102 அடி என்று கணக்கிட்டு, அடிக்கு ஒன்றரை வீதம் 153 வருகிறது என்று 160 வாங்கினேன்.

நேற்றுக் கொத்தனார் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டுத் தூக்கம் போய்விட்டது. பூக்கல் பாதித் தரையோடு தீர்ந்துவிட்டதாம். உடைந்தவை போக மிச்சம் இருப்பது இன்னொரு வரிசைக்கும் போதாது. ஸ்கர்ட்டிங் கல்லைச் சுவரோரம் வைத்துப் பார்த்ததில் கிட்டத்தட்ட முக்கால் பங்குக்கு வந்து, இன்னும் 56 வேண்டுமாம். பட்டறையில் எண்ணிக்கை குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். கொத்தனாரோ இறக்கும்போது தானே எண்ணியதாக உறுதியாகச் சொல்கிறார்.

எனக்குப் புரியாதது இதுதான். வரைபடம் தவறு என்றால் இரண்டும் ஒரே விகிதத்தில் அல்லவா குறைய வேண்டும்? ஒன்று பாதி, மற்றொன்று முக்கால் என்று எப்படி வரும்?

கண்மாய்க்கரை ஆசிரியர்:
எனக்கும் இதே அனுபவம்தான். மாணவர்களோடு எங்கள் ஊர்க் கண்மாயின் பரப்பைக் கண்டுபிடிக்க 1:50,000 அளவுள்ள நிலவரைபடத்தை எடுத்தோம். கட்டத்தாளை மேலே வைத்து எண்ணியதில் 3.2 சதுர சென்டிமீட்டர் வந்தது. 1 சென்டிமீட்டருக்கு அரை கிலோமீட்டர் என்பதால் 1.6 சதுர கிலோமீட்டர், அதாவது 160 ஹெக்டேர். ஊர்ப் பெரியவர்களோ கண்மாய் 200 ஏக்கர்தான் என்று சாதிக்கிறார்கள். 160 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 395 ஏக்கர் ஆயிற்றே! பழைய வரைபடங்களை நம்ப முடியாது என்பதுதான் நான் கண்டது. உங்கள் வரைபடத்தையும் தவறாகத்தான் வரைந்திருப்பார்கள்.

பொறியியல் மாணவன்:
அண்ணன், உங்கள் கையில் இருப்பது அசல் தாளா, ஜெராக்ஸா? A3 தாளை A4-க்குச் சுருக்கினால் 71 சதவீதம் ஆகிவிடும். அப்படியானால் நீங்கள் அளந்ததை 1.41-ஆல் பெருக்க வேண்டும். 578-ஐ 1.41-ஆல் பெருக்கினால் 815 சதுர அடி. இன்னும் 237 சதுர அடிக்குக் கல் வாங்கினால் முடிந்துவிடும்.

வளவு வீடு:
தம்பி, ஜெராக்ஸ்தான்! அசல் பெரிய தாள், பெரிய பங்காளி வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. எனக்கு அனுப்பியது சாதாரண A4 தாள். இன்றைக்கே 237 சதுர அடிக்குச் சொல்லிவிடட்டுமா?

பழைய வரைவாளர்:
பொறுங்கள் ஐயா, சொல்லிவிடாதீர்கள். காரணத்தைத் தம்பி சரியாகப் பிடித்துவிட்டார், ஆனால் பெருக்கிய இடம் தவறு. இப்போது 237 சதுர அடிக்கு வாங்கினால் மறுபடியும் பாதியில் நிற்பீர்கள்.

முப்பது ஆண்டுகள் வரைபட மேசையில் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தாளைச் சுருக்கும்போது கோடுகள் எல்லாம் சுருங்குகின்றன. ‘1 அங்குலம் = 8 அடி’ என்ற வாசகம் மட்டும் மாறாமல் அப்படியே நிற்கிறது. எழுத்து சிறியதாகுமே தவிர, சொல்வது பழைய சங்கதிதான். உங்கள் தாளில் 1 அங்குலம் இப்போது 8 அடி அல்ல, 11.3 அடி. இதனால்தான் நாங்கள் வாசகத்தோடு ஒரு அளவுக்கோட்டையும் தாளின் அடியில் வரைந்துவிடுவோம். 0, 8, 16 என்று அடி குறித்த அந்தக் கோடு படத்தோடு சேர்ந்தே சுருங்கும், அதனால் எந்தப் பிரதியிலும் அது பொய் சொல்லாது. உங்கள் தாளில் அப்படி ஒரு கோடு இருக்கிறதா?

இனி, பாதியும் முக்காலும். ஸ்கர்ட்டிங் என்பது சுவரோரம் ஓடும் நீளம். நீளம் சுருங்கியது ஒரே ஒரு தடவை. அதனால் 153-ஐ 1.41-ஆல் பெருக்கினால் 216, கையில் இருக்கும் 160 போக 56. கொத்தனார் சொன்ன எண் அதுவேதான். தரையோ நீளமும் அகலமும் சேர்ந்தது. நீளத்திலும் 1.41, அகலத்திலும் 1.41, ஆக இரண்டு மடங்கு. தம்பி பரப்பை ஒரு தடவை மட்டும் பெருக்கியிருக்கிறார். 34 அடி என்பது 48 அடி, 17 அடி என்பது 24 அடி, ஆகத் தரை 1,152 சதுர அடி இருக்க வேண்டும். அதற்கு 2,592 கல். உங்கள் 1,300 அதில் பாதி. உங்களைக் குழப்பிய அந்த இரண்டு விகிதங்களே தாள் சுருங்கியதற்குச் சாட்சி. கல்லைக் குறைத்துக் கொடுத்திருந்தால் ஒன்று 1.41-ஆகவும் மற்றொன்று அதன் வர்க்கமாகவும் இவ்வளவு துல்லியமாகக் குறைந்திருக்காது. பட்டறைக்காரர் மேல் சந்தேகம் வேண்டாம்.

இருந்தாலும் என் ஊகத்தை வைத்துப் பணம் கட்டாதீர்கள். அளவு எழுதிய இடம் ஏதாவது வரைபடத்தில் மிஞ்சியிருக்கும். அதை மில்லிமீட்டரில் அளந்து சொல்லுங்கள். நீளமான அளவாகப் பாருங்கள். இந்தத் தாளில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் ஏறக்குறைய இரண்டே முக்கால் அங்குலம். 8 அடித் திண்ணையை அளந்தால் 18 மில்லிமீட்டர்தான் வரும். அதில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே விகிதம் நூற்றுக்கு மூன்று தவறிவிடும், பரப்பில் அது ஆறாகும்.

பொறியியல் மாணவன்:
ஆமாம் ஐயா, சதுர அடியை நேரடியாகப் பெருக்கியதுதான் என் தவறு. நல்லவேளை, நீங்கள் தடுத்தீர்கள்.

பழைய வரைவாளர்:
ஆசிரியர் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கதை வேறு. உங்கள் வரைபடத்தில் குற்றமில்லை. 1 சென்டிமீட்டர் 500 மீட்டர் என்றால், 1 சதுர சென்டிமீட்டர் என்பது 500 மீட்டருக்கு 500 மீட்டர் உள்ள ஒரு சதுரம். ஒரு சதுர கிலோமீட்டருக்குள் அப்படி நான்கு அடங்கும். ஆக 3.2-ஐ அரையால் அல்ல, காலால் பெருக்க வேண்டும். 0.8 சதுர கிலோமீட்டர், 80 ஹெக்டேர், ஏறக்குறைய 198 ஏக்கர். பெரியவர்கள் சொன்ன 200 ஏக்கர் சரிதான்.

கண்மாய்க்கரை ஆசிரியர்:
ஐயா, மிக்க நன்றி. 160 என்று எழுதிய அட்டை வகுப்பில் தொங்குகிறது. கண்மாயில் பாதியை யாரோ வளைத்துக்கொண்டார்கள் என்றுகூடப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் முதல் வேலையாக ஒரு கட்டத்தாளில் அந்த நான்கு சதுரங்களையும் அவர்களையே வரையச் சொல்லப் போகிறேன்.

வளவு வீடு:
அளந்துவிட்டேன். வளவின் நடுவாசல் நீளம் 32 அடி என்று எழுதியிருக்கிறது, தாளில் 72 மில்லிமீட்டர். அசலில் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். வகுத்தால் 1.41, நீங்கள் சொன்னதேதான். ஆனால் குறுக்கே பட்டாலை அகலம் 20 அடி என்றிருப்பதை அளந்தால் 46 மில்லிமீட்டர் வருகிறது. விகிதம் 1.38. ஏன் இந்த வேறுபாடு? அளவுக்கோடு எதுவும் தாளில் இல்லை.

பழைய வரைவாளர்:
45 வந்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. அசல் தாள் மடிப்பில் இழுபட்டிருக்கலாம், இயந்திரம் குறுக்கில் சற்று நீட்டியிருக்கலாம், வரைந்தவரின் கையே அப்படிப் போயிருக்கலாம். அசலைப் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் விகிதம் வேறாக இருந்தால், நீளத்துக்கு நீளவாக்கு விகிதம், அகலத்துக்குக் குறுக்குவாக்கு விகிதம் என்று தனித்தனியாகப் பெருக்க வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் கொட்டகை அகலம் 24 அடிக்குப் பதில் 23½ அடி. 48 அடி நீளத்துக்கு அந்த அரை அடி 24 சதுர அடி, 54 கல். கொத்தனாரை நாடா பிடித்து நான்கு சுவரையும் அளக்கச் சொல்லுங்கள். பழைய கொட்டகையில் எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே நீளமாக இருக்கும் என்றும் எண்ணாதீர்கள்.

பூக்கல் பட்டறை:
ஆத்தங்குடி பக்கம் கல் வார்ப்பவன் நான். எண்ணிக்கை சரியானாலும் உங்களுக்கு இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. நாங்கள் கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையால் வார்க்கிறோம். ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் நிறம் இம்மி மாறும். முழுவதையும் ஒரே தடவையில் வாங்கியிருந்தால் கலந்து பதித்திருக்கலாம். இப்போது கொட்டகையின் நடுவே குறுக்காக ஒரு கோடு போட்டது போலத் தெரியும். பதித்ததில் மிஞ்சிய கல் ஒன்றைப் பட்டறைக்கு அனுப்புங்கள், அதைப் பக்கத்தில் வைத்து நிறம் சேர்க்கிறோம். அப்படியும் அச்சாக வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பொறியியல் மாணவன்:
பதித்ததில் கடைசி பத்து வரிசையைப் பெயர்த்துப் புதிய கல்லோடு கலந்துவிட முடியாதா?

பூக்கல் பட்டறை:
பெயர்த்தால் பாதிக்குப் பாதி மூலை உடையும். நான் செய்ய மாட்டேன்.

வளவு வீடு:
கொத்தனார் அளந்துவிட்டார். ஒரு பக்கச் சுவர் 48 அடி 2 அங்குலம், எதிர்ச் சுவர் 47 அடி 11 அங்குலம். அகலம் இரு முனையிலும் 24 அடி. பாதிவரை போட்டது 36 வரிசை, வரிசைக்கு 36 கல். மீதிக்கும் அவ்வளவேதான். சுவர் கோணலுக்கு வெட்டும் கல்லும் உடைசலும் சேர்த்து 1,370 சொல்லியிருக்கிறேன், ஸ்கர்ட்டிங் 60. மாதிரிக் கல் நாளைக் காலைப் பஸ்ஸில் பட்டறைக்குப் போகிறது. பெரிய பங்காளி வீட்டில் அசலைத் திறக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பட்டாலையின் அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நடுவில் நிறம் மாறும் இடத்தில் குறுக்கே இரண்டு வரிசை வேறு பூ போட்டு, வேண்டுமென்றே வைத்த பட்டை போல ஆக்கிவிடலாம் என்கிறார் கொத்தனார். ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. யாராவது அப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா?