ராஜினாமா கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதச் சொல்கிறார்கள், எழுதலாமா?

கிள்ளான்_ஸ்டோர்
வணக்கம். ஒரு கிடங்கில் 9 வருடமாக வேலை, 2019-இலிருந்து சூப்பர்வைசர். ஜனவரியில் புது மேனேஜர் வந்தார். முதலில் என் கீழிருந்த 6 பேரையும் வேறு ஆளிடம் கொடுத்தார். அப்புறம் என் மேசையை பேக்கிங் பகுதிக்குப் பின்னால், அட்டைப் பெட்டி அடுக்கும் மூலைக்கு மாற்றினார்கள். ஸ்டாக் சிஸ்டத்தில் என் பாஸ்வர்டு வேலை செய்யவில்லை. மார்ச் சம்பளத்தில் 450 வெள்ளி அலவன்ஸ் இல்லை. இப்போது காலை முதல் மாலை வரை டேப் ஒட்டுகிறேன். எச்ஆரிடம் கேட்டால், பிடிக்கவில்லை என்றால் ராஜினாமா செய்யுங்கள் என்று மாதிரிக் கடிதத்தையே நீட்டுகிறார். யாரும் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. இது வேலைநீக்கமாக ஆகுமா?

ரவி_பட்டர்வொர்த்
கண்டிப்பாக ஆகும். அவமானப்படுத்தினாலே கன்ஸ்ட்ரக்டிவ் டிஸ்மிசல்தான், அதாவது நீங்களே வெளியேறினாலும் முதலாளி நீக்கியதாகத்தான் கணக்கு. நாளைக்கே கிளம்புங்கள். ஆனால் மனுப் போட, கொடுமை தொடங்கிய நாளிலிருந்து 60 நாள்தான் டைம், உங்களுக்கு அது தாண்டியிருக்கும் போலிருக்கிறதே.

முன்னாள்_சங்கச்_செயலாளர்
தம்பி ரவி, 60 நாள் என்பது சரி, எண்ணத் தொடங்குவது வேலையை விட்ட நாளிலிருந்து. மலேசியத் தொழிலியல் உறவுச் சட்டம் 1967, பிரிவு 20. அதை ஒரு நாள் தாண்டினாலும் மனுவை ஏற்க மாட்டார்கள்.

அவமானம் பட்டால் போதும் என்பதும் சரியில்லை. 1988-இல் வோங் சீ ஹோங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் நீதிபதிகள் இன்றும் பிடித்துக்கொள்கிறார்கள். முதலாளி கடுமையாக நடந்தாரா, நியாயமில்லாமல் நடந்தாரா என்பதல்ல கேள்வி. வேலை ஒப்பந்தத்தின் அடிவேரையே வெட்டினாரா என்று பார்ப்பார்கள். மேசையை மாற்றியது தனியாக நிற்காது. சூப்பர்வைசர் என்ற பெயரை விட்டுவைத்து ஆளையும் பொறுப்பையும் பிடுங்கி டேப் ஒட்டவிட்டார்களே, அது நிற்கக்கூடியது.

தங்கச்சி, அந்த மாதிரிக் கடிதத்தில் கையெழுத்துப் போடவே வேண்டாம். "சொந்தக் காரணம்" என்று எழுதிவிட்டால், பிறகு தொழில் நீதிமன்றத்தில் எது சொன்னாலும் அந்தத் தாளைத்தான் முன்னால் வைப்பார்கள். வேலை நீக்கப்பட்டதாக நிரூபிக்கும் சுமை இங்கே உங்கள் மேல்தான். ஜனவரியிலிருந்து எழுத்தில் ஏதாவது ஆட்சேபித்தீர்களா?

ஜேபி_குமார்
என் அண்ணனுக்கும் இதே கதைதான், ஜொகூரிலிருந்து ஈப்போவுக்கு மாற்றினார்கள், கோபத்தில் வேலையை விட்டுவிட்டு வழக்குப் போட்டார், தோற்றுவிட்டார். எந்தக் கிளைக்கும் மாற்றலாம் என்று வேலைக் கடிதத்தில் இருந்ததாம். அவர் அதைப் படிக்கவே இல்லை.

கிள்ளான்_ஸ்டோர்
அதைப் பார்த்ததும் என் கடிதத்தைத் தேடி எடுத்தேன். அலவன்ஸுக்குப் பக்கத்தில் "நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது" என்று இருக்கிறது. 2019 பதவி உயர்வுக் கடிதத்தில் உள்வரும் சரக்குக் குழுவை மேற்பார்வையிட வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை, வாயால்தான் கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒருமுறை "ஏன் சிஸ்டம் ஓபன் ஆகவில்லை" என்று கேட்டு, "இனி தேவையில்லை" என்று பதில் வந்தது.

முன்னாள்_சங்கச்_செயலாளர்
அந்த வாட்ஸ்அப் பதிலைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் வையுங்கள். அலவன்ஸை முதன்மையாகப் பிடிக்காதீர்கள், அந்த வாசகம் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். 2019 கடிதத்தின் மேல் நில்லுங்கள்.

பலவீனம் தாமதம்தான். மாதக்கணக்கில் பேசாமல் வேலை செய்தால், மாற்றத்தை ஏற்றுக்கொண்டார் என்று வாதிடுவார்கள். அதனால் இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தப் பொறுப்பு எந்தத் தேதியில் பறிக்கப்பட்டது, 2019 கடிதம் என்ன சொல்கிறது, 7 நாளில் திருப்பித் தர வேண்டும், ஆட்சேபத்தோடுதான் வேலை செய்கிறேன். அவ்வளவு போதும், திட்டு வேண்டாம். பதில் இல்லையென்றால் உடனே அடுத்த கடிதம்: இந்த மீறலால் என்னை வேலைநீக்கம் செய்யப்பட்டவளாகக் கருதி வெளியேறுகிறேன் என்று. அந்தக் காரணமும் வெளியேறுவதும் ஒட்டியிருக்க வேண்டும். வேறு வேலை கிடைத்ததும் போனீர்கள் என்று காட்டினால் வழக்கு தளர்ந்துவிடும். பிறகு தொழிலியல் உறவுத் துறையில் மனு. நஷ்டஈடு வேண்டும் என்று எழுதாமல், மீண்டும் வேலையில் சேர்க்கக் கோருங்கள், பிரிவு 20 அதற்குத்தான்.

வழக்கு முடியும்வரை சம்பளம் இருக்காது. வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

ரவி_பட்டர்வொர்த்
60 நாளைத் தப்பாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு சந்தேகம், அந்த 7 நாளில் ஆறு பேரில் இரண்டு பேரை மட்டும் திருப்பிக் கொடுத்தால்?

முன்னாள்_சங்கச்_செயலாளர்
அங்கேதான் சிக்கல். இரண்டு பேரோடு மேற்பார்வை வேலை உண்மையாகத் திரும்பியதா, கண்துடைப்பா என்று நீதிமன்றம்தான் பார்க்கும், எப்படிப் போகும் என்று என்னால் சொல்ல முடியாது. அப்படி நடந்தால் வேலையை விடுவதற்கு முன் இங்கே எழுதுங்கள்.

கிள்ளான்_ஸ்டோர்
முதல் மின்னஞ்சலை இன்று இரவே அனுப்புகிறேன், அண்ணா. மாதிரிக் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன், எச்ஆர் மேசையில் வைத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.