Re: [கலைச்சொல்] பிரசவத்துக்கு முன் பி ஸ்ட்ரெப் சோதனை: 'carrier'ஐ எப்படிச் சொல்வது?

கௌரி எழுதியது:

வணக்கம். டொரொண்டோவில் ஒரு மகப்பேற்று மருத்துவமனைக்கு இரண்டு பக்கத் துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. 35 முதல் 37 வாரத்துக்குள் கர்ப்பிணிகளுக்குப் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் பிரசவ வலி தொடங்கியதும் நரம்பு வழியே பெனிசிலின். எனக்கு இடிக்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, கிருமி உடலில் இருக்கிறது, நோய் இல்லை என்ற நிலைக்குப் பெயர். இரண்டு, பிள்ளையைக் காக்கத் தாய்க்குக் கொடுக்கும் மருந்துக்குப் பெயர். மூன்று, ஆங்கிலத்தில் போல GBS என்பதை ஜிபிஎஸ் என்று சுருக்கினால் தமிழில் அது GPS என்னும் வழிகாட்டும் கருவியாகத்தான் படிக்கப்படுகிறது. நம் 'ப'வுக்குள் இரண்டு ஒலியும் அடக்கம் அல்லவா.

---

சிவநேசன் எழுதியது:

இலங்கைப் பாடநூல் வழக்கில் நோய்க்காவி என்பது ஏற்கெனவே இருக்கிறது. காவு + இ, வினைமுதற்பெயர், கொல்லி போல. 'பி ஸ்ட்ரெப் காவி' என்று எழுதினால் எங்கள் ஆட்கள் கேள்வி கேட்காமல் படிப்பார்கள்.

இன்னொன்று. பிரித்தானியாவில் எல்லாக் கர்ப்பிணிக்கும் இந்தச் சோதனை இல்லை. எனவே 'கட்டாயம்' என்ற தொனி வராமல் பாருங்கள்.

---

இளம்பரிதி எழுதியது:

சிவநேசன் ஐயா, காவு பழந்தமிழ்ச் சொல்தான், மறுக்கவில்லை. தோளில் தடி வைத்துச் சுமப்பது காவுதல். காவடி அதிலிருந்து வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 'காவு கொடுத்தல்' என்றால் பலி. நிறைமாதப் பெண்ணின் கையில் 'நீங்கள் காவி' என்று தாள் கொடுப்பீர்களா? அது போக, காவி நிறம் வேறு.

என் முன்மொழிவு: கிருமிக்கு 'ஆ பிரிவு மணித்தொடரி'. கிரேக்கத்தில் ஸ்ட்ரெப்டோஸ் முறுக்கியது, கோக்கஸ் மணி. பி என்பதை நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தாக்கினால் 'ஆ'. இங்கே ஓர் அழகு பாருங்கள்: இதன் லத்தீன் இனப்பெயருக்குப் பொருள் பால் வற்றச்செய்வது. மாட்டின் மடிநோயில் பெயர்பெற்ற கிருமி. ஆ என்றால் பசு! பிரிவெழுத்தும் வரலாறும் ஒரே எழுத்தில் வந்து உட்காருகின்றன.

---

நிர்மலா எழுதியது:

இளம்பரிதி, ரசித்தேன். ஆனால் நள்ளிரவில் வலியோடு வரும் பெண் செவிலியரிடம் 'ஆ பிரிவு' என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. அவளுடைய தாளில் 'பி' என்றே இருக்கும். லான்ஸ்ஃபீல்டு அம்மையார் 1933இல் போட்ட பிரிவெழுத்து அது. அகரவரிசை மாறினால் அடையாளம் போய்விடும். 'பி ஸ்ட்ரெப்' போதும். ஜிபிஎஸ் வேண்டவே வேண்டாம். கருவியோடு குழம்புவதோடு, கியான்-பாரே என்னும் நரம்பு நோய்க்கும் அதே சுருக்கம்.

சிவநேசன் ஐயா சொன்னது பாதி சரி. பிரித்தானியாவில் பொதுச் சோதனை இல்லை. ஆனால் கிருமி இருப்பது தெரியவந்தால் அங்கும் பிரசவத்தில் மருந்து கொடுக்கிறார்கள். கௌரியின் தாள் கனடாவுக்கு. அங்கே எல்லாருக்கும் சோதனை செய்து தருகிறார்கள். 'செய்யப்படும்' என்று எழுதாமல் 'செய்துகொள்ளலாம்' என்று எழுதினால் தொனி சரியாகிவிடும்.

இப்போது முதல் கேள்வி. தொற்று என்று மட்டும் எழுதாதீர்கள். இந்தக் கிருமி குடலிலும் பிறப்புறுப்பிலும் சும்மா தங்கும், தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மருந்தே கொடுக்காவிட்டால் இப்படி 100 தாய்மாரின் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கிருமி ஒட்டும். நோயாவது ஒன்றிரண்டு பேருக்கு. அந்த ஒன்றிரண்டுக்குத்தான் இத்தனையும். வந்தால் முதல் ஒரு வாரத்துக்குள், பெரும்பாலும் முதல் நாளிலேயே, இரத்தத்திலும் நுரையீரலிலும் இறங்குகிறது.

---

ராமநாதன் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். சொல் பற்றி எனக்குத் தெரியாது. என் மகளுக்கு மிசிசாகாவில் 36 வாரத்தில் 'பாசிட்டிவ்' வந்திருக்கிறது. மாத்திரை எதுவும் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போதே ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் கிருமியை ஒழித்துவிடலாமே? அலட்சியமா இது?

---

நிர்மலா எழுதியது:

ஐயா, அலட்சியம் இல்லை. இப்போது மாத்திரை கொடுத்தால் கொஞ்ச நாள் கிருமி மறையும். பிறகு குடலில் மிஞ்சியது மீண்டும் பரவி, பிரசவ நாளில் அதே நிலைதான். தேவை, பிள்ளை வெளிவரும் நேரத்தில் தாயின் இரத்தத்திலும் பனிக்குட நீரிலும் மருந்து இருப்பது. அதனால் வலி வந்ததும், அல்லது பனிக்குடம் உடைந்ததும், உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் 'பி ஸ்ட்ரெப் பாசிட்டிவ்' என்று சொல்லவேண்டும்.

கணக்கு இப்படி: இரவு 10 மணிக்கு முதல் பெனிசிலின், 50 இலட்சம் யூனிட். பிறகு பிள்ளை பிறக்கும்வரை நான்கு மணிக்கொரு தரம் அதில் ஏறக்குறைய பாதி. அதிகாலை 3க்குப் பிறந்தால் முழுப் பாதுகாப்புக் கணக்கு. நான்கு மணி நேரம் கடந்துவிட்டது. நள்ளிரவு 12க்கே பிறந்துவிட்டால் கொடுத்தது வீணில்லை, ஆனால் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிப்பார்கள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அதை இப்போதே சொல்லிவைக்கட்டும். எப்படிப்பட்ட ஒவ்வாமை என்பதைப் பொறுத்து மருந்து மாறும். சில மருந்துகளுக்கு இந்தக் கிருமி அடங்குகிறதா என்று ஆய்வகத்தில் தனியாகப் பார்க்கவேண்டும்.

---

ராமநாதன் எழுதியது:

நன்றி டாக்டர். சிசேரியன் என்று முடிவானால்?

---

நிர்மலா எழுதியது:

வலி தொடங்காமல், பனிக்குடமும் உடையாமல், முன்கூட்டித் தேதி குறித்த சிசேரியனுக்கு இந்த மருந்து வேண்டாம். ஆனாலும் சோதனை எடுப்பார்கள். தேதிக்கு முன்பே வலி வந்துவிடலாம் அல்லவா.

கௌரி, உங்கள் வரைவின் இரண்டாம் பத்தியைப் பார்த்தேன். 'பிறப்புறுப்பில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கப்படும்' என்று முடிகிறது. மூலத்தில் ஆசனவாயும் உண்டு. கூச்சம் கருதி விட்டிருந்தால் சேர்த்துவிடுங்கள். பல இடங்களில் பெண்ணே கழிவறைக்குப் போய் எடுத்துத் தருகிறாள். தாளில் இல்லாததை அவள் செய்யமாட்டாள். கிருமியின் வீடு குடல். அதை விட்டால் இருக்கும் கிருமியும் 'இல்லை' என்று வரும். முதலில் யோனியின் கீழ்ப்பகுதி, பிறகு அதே குச்சி ஆசனவாயின் உள்ளே, வெளியே தடவுவது போதாது. வரிசை மாறக்கூடாது.

வாரக் கணக்கிலும் ஒரு குறிப்பு சேர்க்கலாம். முடிவு ஐந்து வாரத்துக்கே நம்பத்தக்கது. 35ஆம் வாரம் எடுத்தவளுக்கு 41இல் வலி வந்தால் அது பழைய முடிவு. இதற்காகவே அமெரிக்காவில் 36க்குத் தள்ளிவிட்டார்கள்.

---

சிவநேசன் எழுதியது:

ஆசனவாய் என்பதை எங்கள் பக்கம் குதம் என்போம். கனடாவில் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் எங்கள் பக்கம். இரண்டையும் சாய்கோடிட்டுப் போடுங்கள். காவி வேண்டாமென்றால் 'குடியேற்றம்' வருமா? ஆங்கிலத்தில் அப்படித்தான்.

---

கௌரி எழுதியது:

ஐயா, குடியேற்றம் என்றால் ஈழத்து வாசகருக்கு என்ன நினைவு வரும் என்று உங்களுக்குத் தெரியாததா! 'கிருமி தங்கியிருத்தல்' என்று எழுதுகிறேன். 'உங்கள் உடலில் பி ஸ்ட்ரெப் கிருமி தங்கியிருக்கிறது. இது நோய் அல்ல.' கலைச்சொல் இல்லை, வாக்கியம்தான்.

மருந்துக்கு 'தடுப்பு மருந்து' போட்டிருந்தேன். அது தடுப்பூசியாகப் படிக்கப்படுமோ?

---

நிர்மலா எழுதியது:

படிக்கப்படும். இதற்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் இல்லை. 'எனக்கு ஊசி போட்டாச்சு' என்று அடுத்த பிரசவத்துக்கு யாரும் சொல்லாமல் போய்விடக்கூடாது. 'பிரசவ நேர ஆன்டிபயாடிக்' என்று எழுதுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு வரும் நோயை இந்த மருந்து தடுப்பதில்லை. குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ காய்ச்சல் கண்டாலோ அழைத்துவரச் சொல்லும் வரியை வெட்டாதீர்கள்.

---

இளம்பரிதி எழுதியது:

'பிரசவ நேர ஆன்டிபயாடிக்'இல் தமிழ் எது? பிரசவமும் வடசொல், ஆன்டிபயாடிக் ஆங்கிலம், நடுவில் நேரம் மட்டும் ஒப்புக்கு. 'பேறுகாலக் காப்பு மருந்து' என்றால் எந்தப் பெண்ணுக்குப் புரியாது?

---

சிவநேசன் எழுதியது:

புரியும். இரும்புச்சத்து மாத்திரை என்று புரியும்.

---

கௌரி எழுதியது:

தலைப்பில் 'பிரசவ நேர ஆன்டிபயாடிக்', உள்ளே முதல் வரியில் ஒருமுறை 'பேறுகாலத்தில் பிள்ளையைக் காக்கும் மருந்து'. குதம்/ஆசனவாய் இரண்டும். நாளை அனுப்புகிறேன்.

---

இளம்பரிதி எழுதியது:

அச்சுக்குப் போகட்டும். மணித்தொடரிக்குத் தனி இழை தொடங்குகிறேன். ஸ்டஃபிலோகாக்கஸும் சேர்த்து, அது கொத்துமணி.