வேட்டங்குடிக்கு எப்போது போனீர்கள், என்ன பார்த்தீர்கள்?

அனுப்பானடி
என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 தீபாவளிக்கு மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். மேலூர் தாண்டி, கீழவளவு தாண்டி, மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று வருஷம் தவறாமல் பேப்பரில் வருமே, அதை நம்பித்தான் கிளம்பினேன். வெடி போடவில்லை என்றால் பறவை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? போய்ப் பார்த்தால் கண்மாய்க்குள் ஆடு மேய்கிறது. நாலு கொக்கு, ஒரு மீன்கொத்தி, அவ்வளவுதான். கொண்டுபோன புளியோதரையைக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம், வீடு வரும்வரை சின்னவள் "நாரை எங்கப்பா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை. இந்தத் தடவை பார்க்காமல் திரும்பக் கூடாது. போனவர்கள் மாதத்தை மட்டும் சொல்லாமல் என்ன பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

திருநகர்
நவம்பர் முதல் பிப்ரவரி வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம் சார். சைபீரியாவில் பனி கொட்ட ஆரம்பித்ததும் இங்கே வந்துதானே ஆக வேண்டும், வேறு எங்கே போகும்? நான் 2021 டிசம்பர் கடைசியில் போனேன், மரமெல்லாம் வெள்ளைவெளேர். நீங்கள் கொஞ்சம் முந்திவிட்டீர்கள், அதுதான் தப்பு.

ஒத்தக்கடை
இதே மாதிரி எனக்கும் நடந்தது. 2019 செப்டம்பரில் குறிஞ்சி பார்க்கலாம் என்று வேன் பிடித்துக் கொடைக்கானல் போனோம், பதினாலு பேர். அது பூத்தது 2018இல். ஒரு பூ இல்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே "2030க்கு வாங்கண்ணே" என்றார். நான் வேனை அப்போதே புக் பண்ணி வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

மேலூர் டீச்சர்
ஒத்தக்கடைத் தம்பி, குறிஞ்சிக்காவது வருஷக் கணக்கு ஒன்று இருக்கிறது. வேட்டங்குடிக்குக் காலண்டரே கிடையாது, தண்ணீர்தான் கணக்கு. நான் பதினைந்து வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறேன், அதில் மூன்று தடவை வெறுங்கண்மாயைப் பார்த்துவிட்டு வந்தவள்தான்.

திருநகர் சார் சொன்ன சைபீரியா பாதி சரி. தூர தேசத்திலிருந்து வருகிறவை நீலச்சிறகு வாத்து, ஊசிவால் வாத்து, சில உள்ளான் வகைகள். அவை திறந்த தண்ணீரிலும் சேற்றிலும் இரை தேடிவிட்டுக் கோடை வெயில் ஏறும்போது ஊருக்குக் கிளம்பிவிடும், இங்கே கூடு கட்டாது. மரத்தை வெள்ளையாக்குகிற கூட்டம் வேறு. நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா எல்லாம் நம் நாட்டுக்குள்ளேயே தண்ணீர் இருக்கும் இடம் பார்த்து நகர்கிறவை. சைபீரியாவில் பனி கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் அவற்றுக்கு ஒன்றும் இல்லை.

அவை பார்ப்பது கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரத்தைத்தான். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பூனை, நாய், மனிதன் யாரும் கூட்டை நெருங்க முடியாது. தண்ணீர் இல்லாவிட்டால் அது வெறும் மரம். 2016இல் வடகிழக்குப் பருவமழையே பொய்த்துப்போனது, நீங்கள் தைக்குப் போயிருந்தாலும் ஆடுதான் மேய்ந்திருக்கும். தேதி தப்பில்லை, வருஷமே தப்பு.

தீபாவளியையும் நம்ப வேண்டாம். ஒரு வருஷம் அக்டோபர் நடுவில் வரும், ஒரு வருஷம் நவம்பர் நடுவில் வரும். மழை நன்றாகப் பிடிப்பதே பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். வெடி போடாதது அந்த ஊரின் வழக்கம், பறவை வந்துவிட்டது என்கிற அறிவிப்பு இல்லை.

அனுப்பானடி
சரி டீச்சர், வருஷம் நல்ல வருஷம் என்று வைத்துக்கொள்வோம். நாளை எப்படிப் பிடிப்பது? போன் போட்டு "பறவை வந்துருச்சா"ன்னு கேட்டால் போதுமா?

மேலூர் டீச்சர்
அப்படிக் கேட்டால் நாலு கொக்கு நின்றாலும் "வந்துருச்சு"ன்னுதான் சொல்வார்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். மரத்தடியில் தண்ணீர் நிற்கிறதா? பறவை வாயில் குச்சியோடு பறக்கிறதா? குச்சி தூக்கினால் கூடு கட்டுகிறது என்று அர்த்தம், அங்கிருந்து நாளை எண்ணிவிடலாம்.

நான் ஒரு வருஷம் எண்ணியதைச் சொல்கிறேன். டிசம்பர் முதல் வாரம் மஞ்சள்மூக்கு நாரை குச்சி தூக்குவதைப் பார்த்தேன். கூடு முடித்து முட்டையிட ஒரு வாரம் பத்து நாள், அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம். அப்படியென்றால் பொங்கல் சமயத்தில் குஞ்சு பொரிக்க வேண்டும். பொங்கல் லீவில் போனவர்களுக்குத் தாய்ப்பறவை படுத்திருப்பதுதான் தெரிந்தது, குஞ்சு கூட்டுக்குள் அமுங்கிக் கிடந்தது. நாங்கள் பிப்ரவரி இரண்டாம் வாரம் போனோம். கூட்டுக்கு இரண்டு மூன்று என்று எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தன. பெரிய நாரை சத்தமே போடாது, அலகைத்தான் தட்டும். குஞ்சுகளின் இரைச்சல் ரோட்டுக்கே கேட்டது. பதினொரு மணி வெயிலில் ஒரு தாய் சூரியனுக்கு முதுகைக் காட்டிச் சிறகை விரித்து நின்றது, அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சும் ஒண்டிக்கொண்டன. பிள்ளைகள் அதைவிட்டு நகரவே இல்லை.

பறக்கப் பழக இரண்டு மாதம் போல ஆகும். அதற்குள் கண்மாய் வற்றினால் கூட்டைப் போட்டுவிட்டுப் போய்விடவும் செய்யும். அதனால் ரொம்பவும் தள்ளிப் போடாதீர்கள்.

கேமரா தம்பி
நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். காலை ஒன்பதுக்குள், இல்லாவிட்டால் சாயங்காலம் ஐந்துக்கு மேல். சாயங்காலம்தான் எனக்குப் பிடிக்கும், கொக்கும் அரிவாள்மூக்கனும் கூட்டம் கூட்டமாக அடைய வரும்போது வக்கா எதிர்த்திசையில் வேலைக்குக் கிளம்பும், அது ராத்திரி ஷிப்ட். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி கரையில் இடம் பிடியுங்கள், எதிர்வெயிலில் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

ஒரு தப்பும் சொல்ல வேண்டும். முதல் தடவை போனபோது கிட்டப் போய் எடுக்கலாம் என்று கரையிலிருந்து இறங்கினேன். முழங்கால் தண்ணீர்கூட இல்லை. மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. இரண்டே நிமிஷம், காக்கா ஒன்று கூட்டில் உட்கார்ந்து முட்டையைக் கொத்தியது. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டியதில்லை.

திருநகர்
டீச்சர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு இடம் உதைக்கிறது. தண்ணீர்தான் கணக்கு என்றால், மறுகால் பாய்ந்து ஊரெல்லாம் வெள்ளமாகக் கிடந்த ஒரு டிசம்பரில் நான் போனபோது நத்தைக்குத்திதான் நிறைய இருந்தது, மஞ்சள்மூக்கு பத்துகூட இல்லையே?

மேலூர் டீச்சர்
அதற்கு எனக்குத் தெரிந்த காரணம் சாப்பாடு. நத்தைக்குத்திக்கு நத்தை போதும், வயலில் தண்ணீர் நின்றாலே கிடைத்துவிடும். மஞ்சள்மூக்கு நாரை அலகைத் திறந்து தண்ணீருக்குள் விட்டு, மீன் வந்து தட்டினால் கவ்வுகிற பறவை. இடுப்பளவுத் தண்ணீரில் அதனால் என்ன செய்ய முடியும்? சுற்றுவட்டக் கண்மாய்கள் கொஞ்சம் வற்றி மீன் ஒரு இடத்தில் சேர்ந்தால்தான் குஞ்சுக்குக் கட்டுப்படியாகும். அதனால் இது பிந்தித்தான் கூடு கட்டும். ஆனால் எல்லா வருஷமும் இந்தக் கணக்கு சரியாக வந்ததில்லை, கண்மாய் நன்றாக இருந்தும் ஒரு வருஷம் அரைகுறையாகத்தான் வந்தன. வேறு எந்தக் கண்மாய்க்குப் போயின என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை
சாமநத்தம் கண்மாயில் தேடிப் பார்த்தீர்களா டீச்சர்? எங்கள் மச்சான் ஏர்போர்ட் போகிற வழியில் பெரிய நாரைக் கூட்டம் பார்த்தேன் என்றான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும், அது வேறு விஷயம்.

அனுப்பானடி
கொள்ளுக்குடிப்பட்டி வழியாகப் பால் கொண்டுபோகிற ஒருவரைப் பிடித்துவிட்டேன். இன்று காலை கேட்டேன். மரத்தடியில் தண்ணீர் நிற்கிறதாம். குச்சி தூக்குகிறதா என்று கேட்டதற்கு, "யாரு சார்?" என்றார். நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறாராம்.