கன்னிசரோ வினை: பென்சாயிக் அமிலம் கணக்கை மீறுகிறது, பென்சைல் ஆல்கஹால் பாதிகூடக் கிடைக்கவில்லை

குடுவை (கேள்வி)

வணக்கம். பென்சால்டிஹைடை அடர் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரியச் செய்து, பென்சைல் ஆல்கஹாலையும் பென்சாயிக் அமிலத்தையும் பிரித்தெடுத்தேன். இரண்டும் சம மோல் அளவில் கிடைக்க வேண்டும் என்று சமன்பாடு சொல்கிறது:

2 C6H5CHO + KOH → C6H5CH2OH + C6H5COOK

நான் எடுத்தது 21.2 கிராம், அதாவது 0.2 மோல் ஆல்டிஹைடு. ஆகவே 10.8 கிராம் ஆல்கஹாலும் 12.2 கிராம் அமிலமும்தான் உச்ச அளவு. எனக்குக் கிடைத்ததோ 4.8 கிராம் ஆல்கஹாலும் 13.4 கிராம் அமிலமும். ஆல்கஹால் குறைந்ததைக் கைப்பிழை என்று ஏற்றுக்கொள்ளலாம். அமிலம் உச்ச அளவைத் தாண்டியது எப்படி என்பதுதான் விளங்கவில்லை.

செய்த முறை இது. 20 கிராம் ஹைட்ராக்சைடை 20 மி.லி நீரில் கரைத்துக் குளிரவைத்து, 250 மி.லி குடுவையில் ஆல்டிஹைடுடன் சேர்த்து, ரப்பர் அடைப்பானால் மூடி, பால்போல் ஆகும்வரை குலுக்கினேன். மறுநாள் முழுவதும் வெண்ணிறக் கூழாக இறுகியிருந்தது. அதை 150 மி.லி நீரில் கரைத்து, பிரிபுனலில் ஈதரைக் கொண்டு சாறெடுத்தேன். ஈதர் அடுக்கை சோடியம் பைசல்பைட்டுக் கரைசலால் கழுவியபோது திண்மம் எதுவும் தோன்றவில்லை. பிறகு கார்பனேட்டாலும் நீராலும் கழுவி, உலர்த்தி, காய்ச்சி வடித்து, 202 முதல் 206 பாகை வரை வந்ததைச் சேகரித்தேன். நீர் அடுக்கைப் பனிக்கட்டி கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊற்றி, வீழ்படிவை வடிகட்டி உலர்த்தினேன். அதன் உருகுநிலை 119 முதல் 121 பாகை.

உண்டான ஆல்கஹாலில் ஒரு பகுதி காரத்திலேயே அமிலமாக மாறிவிட்டிருக்குமா?

காற்றுக்குமிழி

தங்கள் ஐயம் சரியான திசையில்தான் செல்கிறது என்று நினைக்கிறேன். ஆல்டிஹைடுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனால் எளிதில் அமிலமாகின்றன. ஒரு நாள் முழுவதும் குடுவையில் வைத்திருந்தபோது உள்ளிருந்த காற்று ஆல்டிஹைடையும், உண்டான ஆல்கஹாலையும் ஆக்சிஜனேற்றம் செய்திருக்கும். அடுத்த முறை நைட்ரஜன் சூழலில் செய்தால் இரண்டும் சமமாக வரும்.

பிரிபுனல்

காற்றைப் பற்றி மேலே சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு அமிலத்தைத் தரக்கூடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். குடுவை மூடப்பட்டிருந்தது. உள்ளே இருந்த காற்று ஏறக்குறைய 200 மி.லி, அதில் ஆக்சிஜன் 42 மி.லி, அதாவது 1.7 மில்லிமோல். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு முதலில் ஓர் ஆல்டிஹைடைப் பெராக்சி அமிலமாக்கி, அந்தப் பெராக்சி அமிலம் இன்னோர் ஆல்டிஹைடுடன் சேர்ந்து இரண்டு அமில மூலக்கூறுகளைத் தருகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மொத்தம் 3.4 மில்லிமோல், சுமார் 0.4 கிராம் அமிலம்தான் உண்டாகும். தங்களிடம் உச்ச அளவுக்கு மேல் இருப்பது 1.2 கிராம். செய்முறை இழப்புகளையும் சேர்த்தால் உண்மையான மிகுதி இன்னும் அதிகம்.

ஆல்கஹால் காரத்தில் அமிலமாகாது. இந்த வினையில் ஹைட்ராக்சைடு ஓர் ஆல்டிஹைடின் கார்பனைலில் சேர்கிறது. அவ்வாறு சேர்ந்த அயனி தன் ஹைட்ரஜனை ஹைட்ரைடாக இன்னோர் ஆல்டிஹைடுக்கு நேரடியாகக் கைமாற்றுகிறது. கொடுத்தது அமிலமாகவும் வாங்கியது ஆல்கஹாலாகவும் முடிகின்றன. கனநீரில் இதைச் செய்தால் ஆல்கஹாலின் கார்பனில் டியூட்டீரியம் ஏறுவதில்லை. அந்த ஹைட்ரஜன் நீரிலிருந்து வரவில்லை என்பதற்கு அதுவே சான்று. ஒரு மூலக்கூறு கொடுத்தால்தான் இன்னொன்று வாங்க முடியும் என்பதால், வினை எங்கே நின்றாலும் அது தரும் அமிலமும் ஆல்கஹாலும் சமமாகவே இருக்கும். ஆகவே மிகுதியான அமிலம் வினைக்கு வெளியேயிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

மூன்று விவரங்களைச் சொல்லுங்கள். ஆல்டிஹைடு பாட்டில் எவ்வளவு பழையது, பயன்படுத்தும் முன் அதைத் தூய்மை செய்தீர்களா? ஈதரை எத்தனை முறை, எவ்வளவு ஊற்றினீர்கள்? அமிலத்தை எடைபோடும் முன் மறுபடிகமாக்கினீர்களா?

மஞ்சள்கரைசல்

எனக்கும் இதே வினை வரவில்லை. நான் எடுத்தது சாலிசிலால்டிஹைடு. அதிலும் ஆல்ஃபா ஹைட்ரஜன் கிடையாது. ஆனால் இரண்டு நாள் வைத்தும் தெளிந்த மஞ்சள் கரைசலாகவே இருந்தது. அமிலமாக்கியபோது போட்ட ஆல்டிஹைடே எண்ணெயாகத் திரும்பி வந்தது. காரம் போதவில்லை என்பது என் முடிவு. தாங்களும் காரத்தை இருமடங்காக்கிச் சற்றுச் சூடாக்கிப் பார்க்கலாம்.

பிரிபுனல்

மஞ்சள்கரைசல் அவர்களே, தங்களுடையது வேறு சிக்கல். சாலிசிலால்டிஹைடின் பீனால் தொகுதி காரத்தில் முதலிலேயே புரோட்டானை இழந்துவிடுகிறது. அந்த மஞ்சள் நிறம் அந்த அயனிக்கே உரியது. அயனியின் எதிர்மின்சுமை வளையம் வழியாகக் கார்பனைல்வரை பரவுவதால், இன்னொரு எதிரயனியான ஹைட்ராக்சைடு அங்கே சேர முன்வருவதில்லை. ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாதிருப்பது தேவைதான். ஆனால் அது மட்டுமே போதாது. காரத்தை இருமடங்காக்கினாலும் அந்த நிலை மாறாது.

குடுவை அவர்களின் வினையில் காரக்குறை எதுவும் தெரியவில்லை. கூழாக இறுகியது வினை நடந்ததைக் காட்டுகிறது. பைசல்பைட்டில் வெண்திண்மம் வராததால் ஆல்டிஹைடு பெரிதாக எஞ்சவில்லை என்றும் தெரிகிறது. காரத்தைக் கூட்டுவதால் அவருக்குப் பயனில்லை.

குடுவை

பாட்டில் திறந்து நெடுநாளாகிவிட்டது. மூடியின் உட்புறத்திலும் கழுத்திலும் வெண்ணிறப் பொருக்கு படிந்திருந்தது. உள்ளே திரவம் தெளிவாக இருந்ததால் அதை அப்படியே அளந்து எடுத்தேன். ஈதர் ஒரே முறை, 30 மி.லி. கலக்கிவிட்டு நிற்கவைத்தபோது மேலடுக்கு 20 மி.லி கூட இல்லை. ஆவியாகிவிட்டது என்று எண்ணினேன். அமிலத்தை மறுபடிகமாக்கவில்லை, வடிதாளில் குளிர்நீரால் இருமுறை கழுவி, ஓர் இரவு காற்றில் உலரவைத்தேன். அமிலத்தை வடித்த நீரை இன்னும் கொட்டவில்லை.

பிரிபுனல்

அந்த வடிநீரைக் கொட்டாமல் வைத்திருப்பது நல்லதாயிற்று.

முதலில் பாட்டிலைப் பற்றி. அந்த வெண்பொருக்கு பென்சாயிக் அமிலம். அது பென்சால்டிஹைடில் கரையும் என்பதால், திரவம் தெளிவாக இருப்பதை வைத்துத் தூய்மையை முடிவு செய்ய இயலாது. தாங்கள் எடுத்த 21.2 கிராமில் ஒரு பகுதி குடுவைக்குள் போகும்போதே அமிலமாக இருந்தது. அந்தப் பகுதி அப்படியே பென்சோயேட்டாகிக் கடைசியில் முழு எடையுடன் திரும்பி வருகிறது. அதே எடை ஆல்டிஹைடாக இருந்திருந்தால் ஏறத்தாழ 58 விழுக்காடுதான் அமிலமாக வந்திருக்கும். ஆகவே பழைய அமிலம் ஒவ்வொரு கிராமுக்கும் இறுதி அமிலம் 0.42 கிராம் கூடுகிறது, ஆல்கஹால் 0.51 கிராம் குறைகிறது. இதைச் சோதிக்க, அதே பாட்டிலிலிருந்து 10 கிராம் எடுத்து, 10 விழுக்காடு சோடியம் கார்பனேட்டுக் கரைசலுடன் குலுக்குங்கள். வாயு வெளியேறும் என்பதால் புனலின் குழாயை அடிக்கடி திறந்துவிட வேண்டும். நீர் அடுக்கைப் பிரித்து அமிலமாக்கினால் வீழ்வதை எடைபோடலாம்.

அடுத்து ஈதர். அது ஆவியாகியிருக்கலாம்; ஆனால் பெரும்பகுதி நீரில் கரைந்திருக்கும். 100 மி.லி நீர் அறைவெப்பத்தில் சுமார் 7 கிராம் ஈதரை ஏற்கும். தாங்கள் ஊற்றிய 30 மி.லி ஈதரின் எடையே 21 கிராம்தான். பென்சைல் ஆல்கஹாலும் நீரில் ஓரளவு கரையக்கூடியது: 100 மி.லிக்குச் சுமார் 4 கிராம். 150 மி.லி நீர் ஊற்றி, ஒரே ஒரு சிறு பங்கு ஈதரால் எடுத்தால் ஆல்கஹாலில் கணிசமான பகுதி கீழடுக்கிலேயே நின்றுவிடும். இந்த அளவுக்கு 70 மி.லி நீர் போதும். உப்பு கரைந்தால் சரி, அதற்குமேல் ஊற்றும் ஒவ்வொரு துளியும் ஆல்கஹாலைப் பிடித்து வைக்கும். ஈதரை 25 மி.லியாக மூன்று முறை எடுக்க வேண்டும்.

வடிநீரை இப்போதே ஈதரால் மூன்று முறை சாறெடுத்து, கார்பனேட்டால் கழுவிப் பாருங்கள். அதில் கரைந்திருக்கும் சிறிதளவு பென்சாயிக் அமிலம் கார்பனேட்டில் போய்விடும்; ஆல்கஹால் ஈதரில் தங்கும். அருகில் சுடர் எதுவும் இருக்கக் கூடாது.

காற்றுக்குமிழி

என் விளக்கத்தில் அளவைப் பார்க்கத் தவறிவிட்டேன், ஏற்கிறேன். ஆனால் அமிலமாக்கியது காற்றுதான் என்பது மாறவில்லையே? குடுவைக்குள் ஒரே நாளில் நடக்காமல், பாட்டிலுக்குள் பல மாதங்களாக நடந்திருக்கிறது.

பிரிபுனல்

அது சரிதான். ஆனால் அதற்கான மருந்து நைட்ரஜன் அன்று. பயன்படுத்தும் நாளிலேயே ஆல்டிஹைடைக் கார்பனேட்டால் கழுவி, உலர்த்தி, குறைந்த அழுத்தத்தில் வடித்துக்கொள்வதே மருந்து.

குடுவை

இரண்டையும் செய்து பார்த்தேன்.

10 கிராம் ஆல்டிஹைடிலிருந்து 1.1 கிராம் அமிலம் வீழ்ந்தது. ஆக, நான் எடுத்த 21.2 கிராமில் சுமார் 2.3 கிராம் பழைய அமிலம்; ஆல்டிஹைடு 18.9 கிராம்தான். இதன்படி அமிலத்தின் உச்ச அளவு 13.2 கிராமும் ஆல்கஹாலின் உச்ச அளவு 9.6 கிராமும் ஆகின்றன. வடிநீரிலிருந்து ஈதரை நீக்கியபின் 1.9 கிராம் எண்ணெய் எஞ்சியது. அதை இன்னும் வடிக்கவில்லை, மணம் பென்சைல் ஆல்கஹாலுடையதாகவே இருக்கிறது. முன்பு கிடைத்ததுடன் சேர்த்தால் 6.7 கிராம். ஆனாலும் ஏறக்குறைய 3 கிராம் ஆல்கஹாலைக் காணவில்லை. அமிலமும் புதிய உச்ச அளவைவிட 0.2 கிராம் கூடுதலாகவே இருக்கிறது.

பிரிபுனல்

அமில மிகுதி 0.2 கிராமோடு நிற்காது. வடிநீரில் கரைந்து போன பென்சாயிக் அமிலம் பனிக்குளிரிலும் 100 மி.லிக்கு ஏறத்தாழ 0.17 கிராம், ஆகவே அரை கிராமுக்கு மேல் ஏதோ ஒன்று அந்த எடையில் கலந்திருக்கிறது. பொட்டாசியம் குளோரைடையும் எஞ்சிய ஈரத்தையும் நான் ஐயுறுகிறேன். குளோரைடு உருகிய அமிலத்தில் கரையாததால் உருகுநிலையை அது பெரிதாகத் தாழ்த்தாது. அதனால் 119 முதல் 121 என்பதை வைத்து அது இல்லை என்று சொல்ல முடியாது. சிறிதளவு அமிலத்தை ஈதரில் கரைத்துப் பாருங்கள். உப்பு இருந்தால் அடியில் தங்கும். குடுவைக் காற்றின் பங்கும் இதில் இருக்கலாம். மீதியைச் சுடுநீரில் மறுபடிகமாக்கி, மாறா எடை வரும்வரை உலர்த்தி எடைபோட வேண்டும்.

ஆல்கஹாலைப் பொறுத்தவரை, இந்தச் சிறிய அளவில் காய்ச்சி வடிக்கும்போது ஒரு கிராமுக்கு மேல் குடுவையிலும் குளிர்விப்பானிலும் ஒட்டிக்கொள்வது இயல்பு. எஞ்சியதைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும்: வடித்து முடித்தபின் குடுவையில் கனமான எண்ணெய் ஏதேனும் நின்றதா?

குடுவை

ஆம், இளமஞ்சள் எண்ணெய், ஒரு கிராம் இருக்கலாம். வெப்பத்தைக் கூட்டியும் அது வரவில்லை.

பிரிபுனல்

அது பென்சைல் பென்சோயேட்டாக இருக்கக்கூடும்; கொதிநிலை 323 பாகை. காரம் முழுவதும் நன்றாகக் கலக்காத இடங்களில், உண்டான ஆல்கஹாலின் அயனி ஹைட்ராக்சைடுக்குப் பதிலாக ஆல்டிஹைடைத் தாக்கினால் இந்த எஸ்ட்டர் உண்டாகும். ஆல்கஹாலிய காரத்தில் ஒரு மணி நேரம் மீள்கொதிக்க வைத்து, நீர் சேர்த்துச் சாறெடுத்தால் ஆல்கஹாலும், எஞ்சிய நீரை அமிலமாக்கினால் அமிலமும் கிடைத்தால் அதுவேதான். ஆனால் ஒரு கிராம் எஸ்ட்டரில் அடங்கும் ஆல்கஹால் அரை கிராம் மட்டுமே. அதைக் கொண்டு முழுக் குறையையும் விளக்கிவிட முடியாது.

மஞ்சள்கரைசல்

குலுக்குவதைப் பற்றி ஒரு சொல். தூய பென்சால்டிஹைடை எடுத்தபோது ஐந்து நிமிடம் குலுக்கிவிட்டு விட்டேன். மேலே எண்ணெய் அடுக்கு பிரிந்து நின்றது, அந்தத் தொகுதியில் விளைச்சலும் குறைந்தது. நிலையான பால்மமாகும்வரை குலுக்கிய அடுத்த தொகுதியில் அப்படி ஆகவில்லை.

குடுவை

நான் குலுக்கியது பத்து நிமிடம் இருக்கும்; முழுவதும் கலந்துவிட்டதா என்று நின்று பார்க்கவில்லை. கழுவி வடித்த ஆல்டிஹைடில் மறுபடி செய்கிறேன், 70 மி.லி நீர், மூன்று முறை ஈதர். அந்த இளமஞ்சள் எண்ணெயைத் தனியே மூடி வைத்திருக்கிறேன்; மீள்கொதிப்பு முடிந்ததும் எடைகளை இங்கே பதிகிறேன்.