4,800 ரூபாயை லட்சத்தில் போட்டால் 0.05: பட்ஜெட் அச்சு, லட்சமா ஆயிரமா?

சத்துவாச்சாரி செயலாளர்
எங்கள் அடுக்ககச் சங்கத்தின் பொதுக்குழு வருகிறது. பட்ஜெட் மொத்தம் 38 லட்சத்து 25 ஆயிரம். எக்செல்லில் மாதவாரியாகப் போட்டு அச்செடுத்தால் எழுத்து எறும்பு மாதிரி வருகிறது. எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருத்தர், "பட்ஜெட் என்றாலே லட்சத்தில்தான் போடணும், அதுதான் முறை" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். எழுதுபொருள் செலவு 4,800 ரூபாய், லட்சத்தில் போட்டால் 0.05 என்று வருகிறது. லட்சமா, ஆயிரமா? படுக்கைவாட்டில் ஒரே தாளில் அடக்க என்ன வழி?

ஆம்பூர் ஆடிட் ஆபீஸ்
அவர் சொன்னது சரிதான். இதில் விவாதமே இல்லை. நாங்கள் பார்க்கிற கம்பெனிக் கணக்கெல்லாம் லட்சத்தில்தான். கட்டத்தில் Ctrl+1 அழுத்தி, Custom-க்குப் போய் இதைப் போடுங்கள்:

```
0\.00,
```

பாதுகாவலர் சம்பளம் 7,56,000 இருக்கிற இடத்தில் 7.56 தெரியும். உள்ளே இருக்கிற தொகை மாறாது. வேலை முடிந்தது.

தோல்கிடங்கு கணக்கர்
வேலை முடியவில்லை தம்பி, இப்போதுதான் ஆரம்பம்.

அந்தக் கடைசிக் கமா என்ன செய்கிறது என்று அவருக்குச் சொன்னீர்களா? அது ஆயிரத்தால் வகுக்கிறது. எக்செல்லுக்கு லட்சம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு கமாவுக்கு ஆயிரம், இரண்டு கமாவுக்குப் பத்து லட்சம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். 7,56,000 முதலில் 756 ஆகிறது. நடுவில் நீங்கள் வைத்த புள்ளி நிஜமான தசமப் புள்ளி இல்லை, பொட்டு வைத்த மாதிரி சும்மா ஒட்டி வைத்தது. அதாவது நீங்கள் காட்டுகிற லட்சம், வேஷம் போட்ட ஆயிரம்தான்.

அதனால் செயலாளர் சார், லட்சத்தில் இரண்டு தசமமும் ஆயிரத்தில் முழு எண்ணும் ஒரே துல்லியம்தான். 0.05 என்றாலும் 5 என்றாலும் அதே தகவல். எழுபது வயதுக்காரர் மேசையில் வைத்துப் படிக்கும்போது 5 கண்ணில் படும், 0.05 படாது. ஆயிரத்துக்கு இது போதும்:

```
#,##0,;-#,##0,;"-"
```

மூன்றாவது பகுதியில் இருக்கிற சிறு கோட்டையும் விட்டுவிடாதீர்கள். ஒதுக்கீடே இல்லாத மாதத்தில் கோடு வரும். 400 ரூபாய் ஒதுக்கிய மாதத்தில் 0 வரும். இரண்டும் வேறு வேறு என்று தாளைப் பார்த்தாலே தெரியும்.

ஆம்பூர் ஆடிட் ஆபீஸ்
0.05-இல் என்ன குறை? கணக்கில் தப்பா? கம்பெனிச் சட்டம் மூன்றாம் அட்டவணையைப் படியுங்கள், லட்சம் என்று இருக்கிறது.

தோல்கிடங்கு கணக்கர்
படித்தேன். 100 கோடிக்குக் கீழே வருமானம் இருந்தால் நூறு, ஆயிரம், லட்சம், மில்லியன், எதில் வேண்டுமானாலும் போடலாம், ஒன்றை எடுத்தால் அதையே கடைசிவரை பிடித்துக்கொள் என்றுதான் இருக்கிறது. நடுவில் ஒரு சொல்லை மட்டும் உருவி எடுத்து வந்திருக்கிறீர்கள். அப்புறம், அது கம்பெனிக்கு. அவர் அடுக்ககச் சங்கம். தமிழ்நாடு அரசின் மானியக் கோரிக்கை விவரங்களைப் பாருங்கள், ஆயிரத்தில்தான் இருக்கும். இத்தனை பெரிய அரசுக்கு ஆயிரம் போதுமாம், சத்துவாச்சாரிக்கு லட்சம் வேண்டுமாம்.

குடியாத்தம் நெசவு
என் பிரச்சினையும் இதேதான். எங்கள் கைத்தறிச் சங்கக் கணக்கில் 38,25,000 என்று வர வேண்டியது 3,825,000 என்று வருகிறது. விண்டோஸில் Region, Additional settings, அங்கே Digit grouping-ஐ 12,34,56,789 என்று மாற்றினேன், சரியாகிவிட்டது. செயலாளர் அதைச் செய்தால் போதும்.

தோல்கிடங்கு கணக்கர்
அண்ணே, அவர் கேட்டது அலகு. நீங்கள் சொல்வது கமா விழுகிற இடம்.

சரி, வந்த பேச்சுக்குச் சொல்கிறேன். அந்த அமைப்பு உங்கள் கணினியோடு நின்றுவிடும். கோப்பைப் பிரவுசிங் சென்டருக்கு எடுத்துப்போனால் அங்கே பழையபடி 3,825,000 தான். அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். இணையத்தில் சுற்றுகிற ஒரு நீளமான வாய்பாடும் உண்டு:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

பற்றாக்குறை வந்தால் இது கவிழ்ந்துவிடும். கழித்தல் 2,64,400 என்பதை -264,400 என்று காட்டும், ஏனென்றால் எதிர்மறை எண்ணெல்லாம் மூன்றாவது பகுதிக்குப் போய் விழுகிறது. ஆயிரத்தில் போட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. 38,25,000 அங்கே 3,825. நம் முறைப்படியும் 3,825, வெள்ளைக்காரன் முறைப்படியும் 3,825. தொகை பத்துக் கோடியைத் தொடும்வரை கமா வித்தியாசமே வராது.

குடியாத்தம் நெசவு
எனக்கு அது நன்றாகத்தான் வேலை செய்கிறது.

வடாற்காட்டான்
ஐயா, சங்கக் கணக்கு என்றால் முழு ரூபாயில் போட வேண்டும். ஆயிரம், லட்சம் என்று சுருக்குவதெல்லாம் எதையோ மறைக்கத்தான். எங்கள் வட ஆற்காட்டில் கூட்டுறவுச் சங்கத்தில் பைசாவரை படித்துக் காட்டுவார்கள்.

ராணிப்பேட்டை பாய்லர்
எந்த வட ஆற்காடு? 1989-லேயே பிரித்தாகிவிட்டது. 2019-இல் வேலூரையும் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். நாங்கள் இப்போது தனி மாவட்டம்.

வடாற்காட்டான்
நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வட ஆற்காடுதான்.

ஆம்பூர் ஆடிட் ஆபீஸ்
மாவட்டச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். 0.05 தப்பு என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

தோல்கிடங்கு கணக்கர்
தப்பு என்று யார் சொன்னது? படிக்க ஆகாது என்றேன். இன்னொன்றையும் சொல்கிறேன். உங்கள் வடிவம் போட்ட கட்டத்தில் பொருளாளர் வந்து, லட்சம்தானே என்று 7.56 தட்டுகிறார் என்று வையுங்கள். என்ன தெரியும்? 0.00. சம்பளம் எங்கே போனது என்று பொதுக்குழுவில் கேட்பார்கள்.

ஆம்பூர் ஆடிட் ஆபீஸ்
உங்கள் ஆயிர வடிவத்தில் 756 தட்டினால் 1 என்று வரும். அதை ஏன் சொல்லவில்லை, அண்ணே?

தோல்கிடங்கு கணக்கர்
சொல்லத்தான் வந்தேன், அதற்குள் அவசரம். அதனால்தான் இரண்டு தாள் வைக்க வேண்டும். ஒன்றில் முழு ரூபாயில் பதிவு, வடிவம் எதுவும் போடாமல். இன்னொன்றில் அதிலிருந்து இழுத்த தொகை, ஆயிர வடிவத்தோடு, அச்சுக்கு மட்டும். அந்த இரண்டாவது தாளைப் பூட்டிவிடுங்கள், யாரும் தட்ட முடியாது. வடாற்காட்டான் ஐயாவுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சந்தேகப்படுகிறவருக்கு முதல் தாளைக் காட்டலாம்.

சத்துவாச்சாரி செயலாளர்
இரண்டு தாள் சரி. ஆயிரத்தில் போட்டுப் பார்த்தேன். லிஃப்ட் 114, தண்ணீர் லாரி 264, மோட்டார் பழுது 83. கூட்டினால் 461 வர வேண்டும். எக்செல் 462 காட்டுகிறது!

ஆம்பூர் ஆடிட் ஆபீஸ்
பார்த்தீர்களா! இதுதான் ஆயிரத்தின் லட்சணம்.

தோல்கிடங்கு கணக்கர்
உள்ளே இருக்கிற தொகை 1,14,400, 2,64,400, 83,400 ஆகத்தானே இருக்கும்? கூட்டினால் 4,62,200. அதனால் 462 தான் சரி. ஒவ்வொன்றிலும் விட்டுப்போன 400 மூன்றும் சேர்ந்து 1,200 ஆகி, மொத்தத்தில் ஒன்றைக் கூட்டிவிட்டது. ஆம்பூர்த் தம்பி, இதையே உங்கள் லட்சத்தில் போட்டுப் பாருங்கள். 1.14, 2.64, 0.83, கூட்டினால் 4.61. எக்செல் காட்டுவது 4.62. அதே ஓட்டை. புள்ளிதான் கூடுதல்.

வழி இரண்டு. அடியில், "முழுமையாக்கியதால் கூட்டுத்தொகையில் சிறு வேறுபாடு வரலாம்" என்று ஒரு வரி போடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தொகையையும் ROUND போட்டு ஆயிரத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கூட்டுங்கள். தாளில் கணக்கு நேராகும், பதிவேட்டோடு 1,200 ரூபாய் இடிக்கும். நான் முதல் வழிதான் போவேன்.

வடாற்காட்டான்
1,200 ரூபாய் இடிக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார். முழு ரூபாய் போட்டிருந்தால் இடித்திருக்குமா?

சத்துவாச்சாரி செயலாளர்
அச்சில் ஒரே தாளில் அடக்கும் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே?

ராணிப்பேட்டை பாய்லர்
Landscape வைத்து Fit Sheet on One Page அழுத்துங்கள் சார். எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

தோல்கிடங்கு கணக்கர்
அதை அழுத்தித்தான் அவருக்கு எறும்பு வந்தது. அது அகலம், உயரம் இரண்டையும் சேர்த்து ஒரே பக்கத்தில் திணிக்கிறது. Page Layout-இல் Orientation-ஐ Landscape ஆக்குங்கள். Width 1 page, Height Automatic. அகலம் அடங்கும், நீளம் அடுத்த பக்கத்துக்குப் போகட்டும். பிறகு பக்கத்திலேயே இருக்கிற Scale-இல் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். 70-க்குக் கீழே போனால் 11 அளவு எழுத்து, தாளில் 8-கூட இருக்காது.

அப்போது அளவைக் குறைக்காமல் பத்தியைக் குறுக்குங்கள். ஏ4 படுக்கைவாட்டில் 297 மில்லிமீட்டர். ஓரம் போக, தலைப்புப் பத்திக்கு 60 கொடுத்தால், பன்னிரண்டு மாதம், மொத்தம், போன வருடம் என்று பதினாலு பத்திக்கு ஆளுக்கு 16 மில்லிமீட்டர்தான். முழு ரூபாயைச் சின்ன எழுத்தில் அடைக்கலாம், மறுக்கவில்லை. 14 அளவுக்குப் பெரிதாக்கினால் மொத்தப் பத்தியில் ######## வந்து நிற்கும். ஆயிரத்தில் 756 என்பது மூன்றே இலக்கம், 14 அளவிலும் தாராளமாக நிற்கும். ஆயிரத்தில் போடுவது எதற்கு? எழுத்தைப் பெரிதாக்கத்தான்.

Print Titles-இல் Rows to repeat at top கொடுக்கும்போது, மாதப் பெயர் வரியோடு "ரூபாய் ஆயிரத்தில்" என்ற வரியையும் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டாம் பக்கத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர் 756 ரூபாய்க்குப் பாதுகாவலரா என்று எழுந்து நிற்பார்.

ஆம்பூர் ஆடிட் ஆபீஸ்
லட்சத்தில் 7.56. அதுவும் மூன்று இலக்கம்தான். ஒரு புள்ளிக்கா இத்தனை பேச்சு?

தோல்கிடங்கு கணக்கர்
அந்த ஒரு புள்ளிதான் பதினாலு பத்தியிலும் வருகிறது. 5 போட வேண்டிய இடத்தில் 0.05.

ஆம்பூர் ஆடிட் ஆபீஸ்
0.05 சரியான எண். மறுபடியும் சொல்கிறேன், சரியான எண்.

குடியாத்தம் நெசவு
எல்லாம் சரி, எங்கள் செயலாளர் மடிக்கணினியில் மட்டும் இன்னும் 3,825,000 என்றே வருகிறதே, அது ஏன்?

ராணிப்பேட்டை பாய்லர்
வடாற்காட்டு அமைப்பு போட்டிருப்பார்.

வடாற்காட்டான்
என்னை எதற்கு இழுக்கிறீர்கள்?