கிளாஸ் டீச்சர் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தை ஸ்கூல் ஏத்துக்கல, வெள்ளிக்கிழமை கடைசி நாள், அவசரம்

ஈசூன்_அப்பா (திங்கள் இரவு 11.42)
வணக்கம். மகனுக்கு ஹாஸ்டல் ஸ்கூல்ல 11ஆம் வகுப்புக்கு அப்ளை பண்ணியிருக்கேன். கிளாஸ் டீச்சரோட லெட்டர் வேணும்னு ஸ்கூல்ல கேட்டாங்க, டீச்சரும் நல்லா எழுதிக் கொடுத்தாங்க, அனுப்பியாச்சு. இன்னிக்கு ஏத்துக்க முடியாதுன்னு மெயில். வெள்ளிக்கிழமையோட முடியுது. யாராவது சொல்லுங்க, என்ன பண்றது?

வாசு_தோபாயோ
எந்த ஸ்கூல்? சிங்கப்பூரா, இந்தியாவா? மெயில்ல என்ன காரணம் போட்டிருக்கு? டீச்சர் உள்ளூர் ஸ்கூலா, இந்தியன் ஸ்கூலா? இது ஒண்ணும் இல்லாம எப்படிச் சொல்றது அண்ணே.

ராஜி_செங்காங்
லெட்டர்ஹெட்ல இருந்ததா? முத்திரை இருந்ததா? நம்ம ஊர்ல முத்திரை இல்லாத காகிதத்துக்கு மதிப்பே கிடையாது. எங்க சின்னவனுக்கு ஸ்கூல் ஆபீஸ்ல போய் வட்ட முத்திரை வாங்கிப் போட்டதும் மறுவாரமே வேலை முடிஞ்சது. இதுவும் அதுவாத்தான் இருக்கும்.

ஜூரோங்_கனி
வெளிநாட்டுல செல்லுபடியாகறதுக்கான அப்போஸ்டில் சான்று வாங்கிட்டீங்களா? 2021 செப்டம்பர்லேர்ந்து சிங்கப்பூர்ல சட்டக் கழகமே போட்டுக் கொடுக்குது, தூதரகத்துக்கு அலைய வேண்டாம். என் பொண்ணோட மாற்றுச் சான்றிதழுக்கு அப்படித்தான் செஞ்சோம்.

தமிழ்மணி (மூத்த உறுப்பினர்)
மாற்றுச் சான்றிதழ் வேறு, நன்னடத்தைச் சான்று வேறு, பரிந்துரைக் கடிதம் வேறு. இதை எத்தனை முறைதான் எழுதுவது? கேள்வி கேட்குமுன் ஐந்து நிமிடம் யோசிக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இல்லை. கடிதத்தை யார் எழுதினார், யார் அனுப்பினார், எந்த வழியில் அனுப்பினார் என்று சொல்லாமல் 'ஏத்துக்கல' என்றால் நாங்கள் சோழி உருட்டிப் பார்க்க வேண்டுமா?

ஈசூன்_அப்பா (செவ்வாய் காலை 7.15, எம்ஆர்டியில்)
மன்னிக்கணும், அவசரத்துல எழுதிட்டேன். மகன் இங்க உள்ளூர் ஸ்கூல்ல உயர்நிலை 4. ஓ லெவல் இப்பத்தான் முடிஞ்சது. ஸ்கூல் தமிழ்நாட்டுல மலை மேல இருக்கு, தங்கிப் படிக்கிறது. பேர் வேண்டாமே. மெயில்ல, பரிந்துரை எழுதுபவர்கிட்டேருந்து நேரா வரணும், உங்ககிட்டேருந்து வந்ததை எடுத்துக்க முடியாதுன்னு இருக்கு. ஓ லெவலுக்கு முன்னாடி ஸ்கூல்ல வைக்கிற பிரிலிம் தேர்வு மதிப்பெண்ணைப் பத்தியும் ஏதோ விளக்கம் கேட்டிருக்காங்க, அது பரவாயில்ல. முத்திரை இருக்கு.

ராஜி_செங்காங்
முத்திரை இருக்குன்னா ஸ்கேன் தெளிவா இருந்திருக்காது.

புக்கிட்பாத்தோக்_டீச்சர்
தம்பி, நான் 20 வருஷத்துக்கு மேல ஃபார்ம் டீச்சரா, அதாவது வகுப்பாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவள். இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் முதலில் சொல்லுங்கள். இணைய விண்ணப்பத்தில் ஆசிரியரின் பெயருக்குக் கீழே மின்னஞ்சல் கேட்டிருப்பார்கள். அங்கே யாருடைய முகவரியைக் கொடுத்தீர்கள்?

ஈசூன்_அப்பா
என்னோடதுதான் டீச்சர். மிஸ்ஸை ஏன் தொந்தரவு பண்ணணும்னு. லிங்க் எனக்கு வந்தது. மிஸ் பிடிஎஃப் அனுப்பினாங்க, நானே ஏத்திட்டேன்.

புக்கிட்பாத்தோக்_டீச்சர்
அதுதான் காரணம். முத்திரையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. அந்த லிங்க் ஆசிரியருக்காக உள்ள தனி வழி. பெற்றோரும் பிள்ளையும் பார்க்காமல் ஆசிரியர் மனம் திறந்து எழுதட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அது அப்பாவின் முகவரிக்கே போனால், கடிதம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அப்பா கையைத் தாண்டி வந்த கடிதம்தான். அவர்கள் பார்வையில் அது உங்கள் கடிதம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி, ஆசிரியரின் முகவரியை மாற்றிப் புது லிங்க் அனுப்பச் சொல்லுங்கள். தப்பு உங்களுடையது என்று நேராகவே எழுதுங்கள், சாக்கு வேண்டாம். ஆசிரியரின் சொந்த ஜிமெயில் வேண்டாம், பள்ளி முகவரியைக் கொடுங்கள். அவரிடம் குப்பைப் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தானியங்கி மெயில் பெரும்பாலும் அங்கேதான் போய் விழும்.

இன்னொரு கவலை எனக்கு. நவம்பர் கடைசி. ஆண்டிறுதி விடுமுறை தொடங்கிவிட்டது, மிஸ் ஊரில் இருக்கிறாரா?

ஈசூன்_அப்பா
ஐயோ. தெரியலயே. வாட்ஸ்அப்ல ஒரு டிக்தான் விழுது.

வாசு_தோபாயோ
டீச்சர் நம்பர் உங்ககிட்ட இருக்கா! எங்க ஸ்கூல்ல கொடுக்கவே மாட்டாங்க. பொது அலுவலகத்துக்கு போன் போடுங்க அண்ணே. டீச்சருங்களுக்குத்தான் லீவு, ஆபீஸ்ல வார நாள்ல ஆள் இருப்பாங்க. அவங்க டீச்சருக்குச் சொல்லிவிடுவாங்க.

ஜூரோங்_கனி
இதுக்கு ஏன் இவ்வளவு சுத்து? எங்க ஊர்ல எல்லாம் பெத்தவங்களே எழுதிக் கொடுப்போம், டீச்சர் கையெழுத்துப் போடுவாங்க. டீச்சருக்கும் நேரம் மிச்சம்.

தமிழ்மணி (மூத்த உறுப்பினர்)
அதற்குப் பெயர் பரிந்துரைக் கடிதம் அல்ல, பொய்ச் சாட்சி. பெற்றோர் எழுதியது படித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். 'அன்பும் பண்பும் அடக்கமும் நிறைந்தவன்' என்று எந்த ஆசிரியர் எழுதுவார்?

ஜூரோங்_கனி
எல்லாரும் செய்யறதைத்தானே சொன்னேன். 40 பிள்ளைங்க வகுப்புல என் பையன் என்ன செஞ்சான்னு டீச்சருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? குறிப்பு எழுதிக் கொடுத்தா பொய்ச் சாட்சியா?

ராஜி_செங்காங்
கனி சொல்றது சரிதான். மூத்த உறுப்பினர்னா எல்லாரையும் அதட்டலாமா?

தமிழ்மணி (மூத்த உறுப்பினர்)
அதட்டவில்லை. குறிப்பு வேறு, வரைவு வேறு என்கிறேன். அவர் முதலில் சொன்னது வரைவு. இப்போது குறிப்பு என்று மாற்றிக்கொள்கிறார்.

புக்கிட்பாத்தோக்_டீச்சர்
இரண்டு பேரும் பாதி பாதி சரி. முழுக் கடிதத்தை எழுதிக் கொடுத்தால் நான் தொட மாட்டேன். ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தால் நன்றி சொல்வேன், ஏனென்றால் நிஜமாகவே மறந்துவிடும். ஆனால் குறிப்பில் பட்டம் வேண்டாம், நடந்தது வேண்டும்.

தம்பி, உங்கள் மகன் உயர்நிலை 3இல் ஓபிஎஸ் வெளிப்புறச் சாகச முகாமுக்குப் போனானா? புலாவ் உபின் மாதிரி இடத்தில் ஐந்து நாள், வீட்டை விட்டு. ஹாஸ்டல் பள்ளிக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. அங்கே உட்கார்ந்து கடிதத்தைப் படிப்பவர்களின் கேள்வியே வேறு: இந்தப் பிள்ளை அறைத் தோழனோடு ஒத்துப்போவானா, மூன்றாவது வாரம் அழுதுகொண்டு போன் போடுவானா, தன் துணியைத் துவைப்பானா? 'பொறுப்பானவன்' என்ற சொல் இதற்கெல்லாம் பதில் ஆகாது.

நான் ஒரு பையனுக்கு இப்படி எழுதினேன்: 'இரண்டாம் நாள் இரவு மழையில் அவர்கள் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்தது. இவன் முதலில் கத்தினான். பிறகு தன் காய்ந்த சட்டையைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, காலையில் என்னிடம் வந்து, கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டான்.' கத்தினான் என்பதையும் எழுதினேன். அது இல்லாவிட்டால் சட்டை கொடுத்ததை யார் நம்புவார்கள்?

ஈசூன்_அப்பா
போனான் டீச்சர். இப்ப இருக்கிற மிஸ் அப்ப கூட வரல, இந்த ஜனவரியிலதான் வகுப்புக்கு வந்தாங்க.

புக்கிட்பாத்தோக்_டீச்சர்
அப்படியானால் 'பத்து மாதமாகத் தெரியும்' என்று மிஸ் உள்ளபடி எழுதட்டும், அதில் குறை எதுவும் இல்லை. முகாமுக்குப் போன பழைய ஃபார்ம் டீச்சரிடம் கேட்டு, 'என் சகா சொன்னது' என்று குறிப்பிட்டு ஒரு பத்தி சேர்க்கலாம். தானே பார்த்ததுபோல் எழுதக் கூடாது.

'பரவாயில்ல' என்றீர்களே, அந்தப் பிரிலிம் விஷயத்துக்கு வருகிறேன். அது பரவாயில்லை என்று விட்டுவிடும் விஷயம் இல்லை. கடிதத்தில் என்ன எழுதியிருந்தார்?

ஈசூன்_அப்பா
எல்1ஆர்5 பதினாலுன்னு. ஆங்கிலம் ஏ2, கணக்கு ஏ1, கூடுதல் கணக்கு ஏ2, இயற்பியல், வேதியியல், ஹியூமானிட்டிஸ் மூணும் பி3.

புக்கிட்பாத்தோக்_டீச்சர்
எல்1ஆர்5 என்பது ஆங்கிலமும் மற்ற ஐந்து பாடமும் சேர்ந்த கூட்டு. கூட்டிப் பாருங்கள்: 2, 1, 2, 3, 3, 3. மொத்தம் 14. இங்கே எண் குறைந்தால் நல்லது, போனஸ் புள்ளி கழிக்காமல் 6தான் உச்சம். தமிழ்நாட்டில் அதைப் படிப்பவருக்கு என்ன தெரியும்? பதினாலு எத்தனைக்கு என்று கேட்பார். பி3 என்றால் மூன்றாம் வகுப்பு என்று நினைப்பார். இங்கே பி3 என்பது 65லிருந்து 69 வரை, ஏ1 75இல் தொடங்குகிறது. அங்கே பத்தாவதில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 75 சாதாரணமாகத் தெரியும். அதனால் கடிதத்தில் இரண்டு வரி வேண்டும்: இந்த முறையில் சின்ன எண்ணே மேல் என்று ஒன்று, இந்தப் பள்ளியின் பிரிலிம் தாள்கள் எப்படி, வகுப்பில் இவன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று ஒன்று. ஓ லெவல் முடிவு ஜனவரியில்தான் வரும். அதுவரை அவர்கள் கையில் இருப்பது இந்தப் பிரிலிம் ஒன்றுதான்.

வாசு_தோபாயோ
நானும் ஊர்ல ஒருத்தருக்கு இதை விளக்கினேன் டீச்சர். கடைசி வரைக்கும் 'ஆறு மார்க்கா?'ன்னுதான் கேட்டார்.

ஜூரோங்_கனி
பத்து மாசம்தான் தெரியும்னு எழுதினா பையனுக்குத்தானே நட்டம்? பழைய டீச்சரையே எழுதச் சொல்லலாமே.

தமிழ்மணி (மூத்த உறுப்பினர்)
படிவம் 'தற்போதைய வகுப்பாசிரியர்' என்றால் தற்போதையவர்தான் எழுத வேண்டும். படிவத்தைப் படியுங்கள்.

புக்கிட்பாத்தோக்_டீச்சர்
இதில் தமிழ்மணி சொல்வதே சரி. ஆனால் அந்தப் பள்ளி இரண்டாவது கடிதம் வாங்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். சிலர் வாங்குவார்கள், சிலர் திருப்பி அனுப்புவார்கள்.

ஈசூன்_அப்பா (வியாழன் இரவு 9.50)
பொது அலுவலகம் மிஸ்ஸைப் பிடிச்சுக் கொடுத்துட்டாங்க. மிஸ் பினாங்குல இருக்காங்க. புது லிங்க் குப்பைப் பெட்டியிலதான் இருந்திருக்கு. எல்1ஆர்5 விளக்கம் சேர்த்து அவங்களே ஏத்திட்டாங்க. முகாம் பத்தி எழுதினாங்களான்னு கேட்டேன், 'அது உங்களுக்குச் சொல்ற விஷயம் இல்ல சார்'னு சிரிச்சாங்க. எல்லாருக்கும் நன்றி.

ராஜி_செங்காங்
புது லெட்டர்ல முத்திரை இருந்ததா?

வாசு_தோபாயோ
அண்ணே, சீட் கிடைச்சா வந்து சொல்லுங்க.