ஒன்பது பகுதிநேரக்காரர் என்றால் நாலரை ஆளா? எஃப்.டி.இ. கணக்கில் பட்ட அனுபவங்கள்

ஆரையம்பதி அக்கா

எங்களுடையது ஆரையம்பதியில் ஒரு சின்ன நிலையம். காலையில் பிள்ளைப் பராமரிப்பு, பின்னேரம் வகுப்பு. நிதி தருகிறவர்களின் வருடாந்தப் படிவத்தில் ஊழியர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குக் கீழேயே எஃப்.டி.இ. எத்தனை, அதாவது எல்லோருடைய வேலை நேரமும் சேர்ந்து எத்தனை முழுநேர ஆளுக்குச் சமம் என்று இன்னொரு கட்டம். முதலாவதில் 11 என்று எழுதுவேன். இரண்டாவதுக்கு, முழுநேரம் இரண்டு பேர், மற்ற ஒன்பது பேரும் பகுதிநேரம், ஆளுக்கு அரை என்று வைத்து 6.5 போடுவேன். மூன்று வருடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த முறை அவர்களுடைய கணக்கு அதிகாரி நேரில் வந்தார். வரவுப் புத்தகத்தை வாங்கி ஒரு கிழமையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "6.5 என்றால் கிழமைக்கு 260 மணித்தியாலம் இருக்க வேணும், மிஸ். இங்கே அவ்வளவு இல்லையே" என்றார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பொய் எழுத வேண்டும் என்று எழுதியதில்லை, பகுதி என்றால் பாதி என்று நினைத்துவிட்டேன். இதே இடத்தில் அகப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எப்படிச் சரிசெய்தீர்கள்?

களுவாஞ்சிக்குடி சேர்

தங்கச்சி, முப்பது வருடம் கந்தோர்களில் சம்பளக் கணக்குப் பார்த்தவன் நான். இந்த அரை ஆள் கணக்கை எத்தனையோ இடத்தில் கண்டிருக்கிறேன். பகுதிநேரம் என்பது ஒரு அளவு இல்லை. ஒருவர் கிழமைக்கு 8 மணித்தியாலம் வருவார், இன்னொருவர் 25. இருவரையும் அரை என்று போட்டால் ஒருவருக்குக் கூடிவிடும், மற்றவருக்குக் குறைந்துவிடும். ஆட்களை விட்டுவிட்டு மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். உங்கள் இடத்தில் முழுநேர ஆளுக்குக் கிழமைக்கு எத்தனை மணித்தியாலமோ அதனால் பிரியுங்கள். யார் எவ்வளவு நேரம் என்று இங்கே எழுதினால் சேர்ந்து பார்க்கலாம்.

ஆரையம்பதி அக்கா

சரி சேர். முழுநேரம் இரண்டு பேரும் 8.00க்கு வந்து 4.30க்குப் போவார்கள், கிழமைக்கு ஐந்து நாள். பிள்ளைகளைப் பராமரிக்கிறவர்கள் மூன்று பேர், 7.30 முதல் 12.30 வரை, அதுவும் ஐந்து நாள். பின்னேர ஆசிரியர்கள் நாலு பேர், ஆளுக்கு 12 மணித்தியாலம். கணக்குப் பார்க்கிற தம்பி சனிக்கிழமை மட்டும் 8.00 முதல் 4.30 வரை. கூட்டித் துடைக்கிற அம்மா ஆறு நாளும் இரண்டு இரண்டு மணித்தியாலம்.

நீங்கள் சொன்ன மாதிரிக் கூட்டிப் பார்த்தேன். 85, 75, 48, 8.5, 12. மொத்தம் 228.5. எங்கள் முழுநேரக் கணக்கான நாற்பதால் பிரித்தால் 5.71 வருகிறது.

களுவாஞ்சிக்குடி சேர்

கிட்ட வந்துவிட்டீர்கள். ஆனால் அந்த முழுநேரக்காரரில் ஒருவரைத் தனியாக எடுத்துப் பிரித்துப் பாருங்கள். 42.5ஐ 40ஆல் பிரித்தால் 1.06. முழுநேர ஆள் சரியாக 1 வர வேணும். அவரே ஒன்றைத் தாண்டினால் மேலே கூட்டியதும் கீழே பிரித்ததும் ஒரே அளவுகோல் இல்லை என்று அர்த்தம்.

உங்கள் இடத்தில் அது சாப்பாட்டு நேரம். வரவுப் புத்தகத்தில் வந்த நேரமும் போன நேரமும்தான் இருக்கும், நடுவில் சாப்பிட்ட அரை மணித்தியாலம் தெரியாது. 40 என்கிற கணக்கில் அது சேராது. அதைக் கழித்தால் முழுநேரக்காரர் இருவருக்கும் 80, தம்பிக்கு 8. அரை நாளோடு போகிறவர்கள் இடையில் சாப்பிட நிற்பதில்லை என்றால் அவர்களுக்குக் கழிக்க ஒன்றுமில்லை. அப்போ மொத்தம் 223. எஃப்.டி.இ. 5.58 அளவு.

எக்செல்லில் ஆளுக்கு ஒரு வரி வைத்து, கிழமை மணித்தியாலத்தை C நிரலில் போட்டால் இது போதும்:

```
=SUM(C2:C12)/40
```

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பிரித்து ஒரு தசமத்துக்குச் சுருக்கிவிட்டுக் கூட்டாதீர்கள். உங்கள் கணக்கையே அப்படிச் செய்து பார்த்தேன், 5.5தான் வந்தது. சுருக்குவதைக் கடைசியில் ஒரே தடவை செய்யுங்கள்.

கல்முனைக் கடை

இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி. எங்கள் துணிக்கடையில் 18 பேர். முக்கால்வாசிப் பேர் பின்னேரம் மட்டும் வருகிற பிள்ளைகள். இந்தக் கணக்குப்படி 9 ஆள்தான் வரும் போல. அப்போ 15 பேருக்குக் குறைவு என்று பணிக்கொடைச் சட்டத்துக்குள் நாங்கள் வரமாட்டோம், அப்படித்தானே?

களுவாஞ்சிக்குடி சேர்

இல்லை தம்பி, அங்கே இதைக் கொண்டுபோகாதீர்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் தலையைத்தான் எண்ணும். ஒருவர் விலகுகிற நாளுக்கு முந்திய 12 மாதத்தில் எந்த ஒரு நாளிலாவது 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலையில் இருந்தார்களா என்றுதான் பார்க்கும். உங்களிடம் 18 பேர். ஈபிஎஃப், ஈடிஎஃப் கூட அப்படித்தான், பின்னேரம் மட்டும் வருகிற பிள்ளைக்கும் கட்ட வேணும். எஃப்.டி.இ. என்பது எவ்வளவு ஆள்பலம் இருக்கிறது என்று காட்டுகிற எண். உரிமையை அதால் வெட்ட முடியாது.

சம்மாந்துறை மில்

எனக்கு நடந்தது வேற மாதிரி. எங்கட அரிசி மில்லில் பெரும்போக அறுவடை நேரம் பத்துக் கிழமைக்கு ஆறு பேரைக் கூடுதலாக எடுப்போம். கிழமைக்கு 45 மணித்தியாலம், முழு வேலை. வங்கிக்குக் கொடுத்த கடன் அறிக்கையில் வருடத்துக்கான எஃப்.டி.இ. கேட்டார்கள். முழுநேரம்தானே என்று ஆறையும் ஆறாகவே போட்டேன். சம்பளச் செலவோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மகள் உட்கார்ந்து சொல்லித் தந்தா. ஆறு பேர், 45 மணித்தியாலம், பத்துக் கிழமை, மொத்தம் 2,700. ஒரு முழுநேர ஆளுக்கு வருடத்துக்கு 45ஐ 52ஆல் பெருக்கி 2,340. பிரித்தால் 1.15. ஆறு எங்கே, ஒன்று சொச்சம் எங்கே! ஆனால் அந்தப் பத்துக் கிழமைக்கு மட்டும் கேட்டால் ஆறு என்பதும் சரி. எந்தக் காலத்துக்கு என்று கேட்காமல் எண்ணைச் சொல்லக்கூடாது.

அதோட, ஓவர்டைமையும் சேர்த்துக் கூட்டினால்தான் உண்மையான கணக்கு. எங்கட ஆட்கள் அறுவடை நேரம் விடிய விடிய நிற்பாங்க.

களுவாஞ்சிக்குடி சேர்

நானா, வருடக் கணக்கு அழகாகச் சொன்னீங்கள். ஓவர்டைமில்தான் கொஞ்சம் கவனம். எத்தனை ஆள் இடம் நிரம்பியிருக்கிறது என்று கேட்டால் ஒப்பந்த நேரம் மட்டும். ஓவர்டைமைச் சேர்த்தால் களைத்துப்போன ஒரே ஆள் 1.3 ஆள் என்று நிற்பார், பார்க்கிறவர் ஆள் போதும் என்று நினைப்பார். மொத்தம் எவ்வளவு உழைப்புச் செலவானது என்று கேட்டால் சேர்க்கலாம். நான் எப்போதும் ஓவர்டைமைத் தனி வரியில் காட்டுவேன்.

ஆரையம்பதி அக்கா

சேர், இப்போ ஒரு புதுச் சிக்கல். திருத்திய 5.58ஐ அனுப்பமுதல் படிவத்தின் விளக்கக் குறிப்பை வாசித்தேன். அவர்கள் நாட்டில் முழுநேரம் என்றால் 37.5 மணித்தியாலமாம். அதால் பிரித்தால் 5.95. எங்கள் நாட்டுக் கடை, காரியாலயச் சட்டத்தின் 45ஐ எடுத்தால் 4.96. அதே பதினொரு பேர், அதே 223 மணித்தியாலம்.

களுவாஞ்சிக்குடி சேர்

45 என்பது சட்டம் விடுகிற உச்சம். உங்கள் முழுநேரக்காரரின் கடிதத்தில் 40 என்றால் உங்கள் அளவு 40தான். ஆனால் அவர்கள் பல நாட்டு நிலையங்களை ஒப்பிடுகிறவர்கள் என்றால் 37.5ஐக் கேட்கவும் கூடும்.

கல்முனைக் கடை

நான் என்றால் 5.95 போடுவேன், கூடத் தெரிவது நல்லதுதானே.

ஆரையம்பதி அக்கா

கூடக் காட்டி ஒரு தடவை பட்டது போதும் அண்ணன். 223 மணித்தியாலம், 40ஆல் பிரித்தது, சாப்பாட்டு நேரம் சேர்க்கவில்லை என்று எண்ணுக்குக் கீழேயே எழுதி, எந்த அளவு வேணும் என்று அவர்களிடம் கேட்டு இப்போதான் மின்னஞ்சல் போட்டேன். பழைய மூன்று வருடத்தையும் திருத்தித் தரவா என்றும் கேட்டிருக்கிறேன். வரவுப் புத்தகங்கள் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன.